சுழலும் பந்து ஏன் வளைகிறது: கற்கத் தொடங்குபவர்களுக்கு ஒன்பது அறிவுரைகள்

பகலில் வகுப்பறையில் இயற்பியலும் மாலையில் மைதானத்தில் பந்தும் என்று என் காலம் கழிந்தது. ஃப்ரீ கிக் பழகும் பிள்ளைகளும் சுழற்பந்து பழகும் பிள்ளைகளும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: “சார், பந்து காற்றில் எப்படி வளையுது?” இரண்டு ஆட்டத்துக்கும் விடை ஒன்றே. அதை ஒழுங்காகப் பிடித்துக்கொண்டால் கால்பந்தில் சுவரைச் சுற்றிப் போகும் உதையும், கிரிக்கெட்டில் மட்டையாளரை ஏமாற்றும் டிரிஃப்டும் ஒரே கணக்காகத் தெரியும். தம்பி, தங்கைகளே, வரிசையாகச் சொல்கிறேன். ஒன்றைப் புரிந்துகொண்ட பிறகு அடுத்ததற்குப் போங்கள்.

1. முதலில் பந்தின் முன்முகத்தைப் பாருங்கள்.

பறக்கும் பந்துக்கு ஒரு முன்பக்கம் உண்டு. அது போகும் திசையை நோக்கி, காற்றை முதலில் சந்திக்கும் பக்கம். அதை முன்முகம் என்று வைத்துக்கொள்வோம். விதி இவ்வளவுதான்: சுழற்சியால் முன்முகம் எந்தப் பக்கம் நகர்கிறதோ, பந்து அந்தப் பக்கம் வளையும்.

முன்முகம் இடப்புறம் நகர்ந்தால் பந்து இடப்புறம் வளையும். முன்முகம் கீழ்நோக்கி உருண்டால், அதாவது டாப் ஸ்பின் இருந்தால், பந்து எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் கீழே இறங்கும். முன்முகம் மேல்நோக்கி உருண்டால், அதாவது பேக் ஸ்பின் இருந்தால், பந்து காற்றில் கூடுதல் நேரம் நிற்கும். இடம், வலம், மேல், கீழ் என நான்கு திசைக்கும் இந்த ஒரே விதி பொருந்தும்.

கடிகார முள் திசை, எதிர்த்திசை என்று மனப்பாடம் செய்பவர்கள் குழம்புவதை நிறையப் பார்த்திருக்கிறேன். மேலிருந்து பார்ப்பதா, பின்னாலிருந்து பார்ப்பதா என்பதைப் பொறுத்து அந்தத் திசை மாறிவிடும். முன்முகத்தைப் பார்ப்பவருக்கு அந்தக் குழப்பம் வராது. ஒரு பந்தைக் கையில் எடுத்து, அது போகும் திசையை முடிவு செய்து, மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். முன்முகம் எங்கே போகிறது என்பதை உங்கள் விரலே காட்டிவிடும்.

2. தள்ளுவது காற்று என்பதை மறக்காதீர்கள்.

சுழற்சிக்குப் பந்தைத் தானாக வளைக்கும் சக்தி கிடையாது. காற்றில்லாத இடத்தில் எவ்வளவு சுழற்றி உதைத்தாலும் பந்து பக்கவாட்டில் ஓர் அங்குலம்கூட நகராது. பந்து காற்றை ஒரு பக்கம் தள்ளுகிறது, காற்று பந்தை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. துடுப்பு நீரைப் பின்னே தள்ளத் தோணி முன்னே போவதும் இதே நியாயம்தான்.

காற்றைப் பந்து எப்படித் தள்ளுகிறது? பந்தின் மேற்பரப்பை ஒட்டி மெல்லிய காற்றுப் படலம் ஒன்று உண்டு. முன்னாலிருந்து வரும் காற்று இந்தப் படலத்தின் வழியே பந்தை இருபுறமும் தழுவிப் போய், பின்பக்கத்தில் ஓரிடத்தில் பிரிந்து விலகும். சுழலாத பந்தில் இடமும் வலமும் ஏறத்தாழ ஒரே இடத்தில் பிரியும். இப்போது முன்முகம் இடப்புறம் போகும்படி பந்து சுழல்கிறது என்று வையுங்கள். இடப்பக்கத்து மேற்பரப்பு காற்று ஓடும் திசையிலேயே ஓடுகிறது. அதனால் அங்கே காற்று நீண்ட தூரம் ஒட்டியிருந்து, பந்தின் முதுகுவரை சுற்றி வந்த பிறகே விலகுகிறது. வலப்பக்கத்து மேற்பரப்பு காற்றை எதிர்த்து ஓடுகிறது. அங்கே காற்று சீக்கிரமே பிரிந்துவிடுகிறது. ஆகவே பந்துக்குப் பின்னால் போகும் காற்று மொத்தமும் வலப்புறம் திரும்பி வெளியேறுகிறது. வலப்புறம் காற்று போனால் இடப்புறம் பந்து போகும்.

‘ஒரு பக்கம் காற்று வேகமாக ஓடுகிறது, அங்கே அழுத்தம் குறைகிறது’ என்று பாடப்புத்தகங்களில் படித்திருப்பீர்கள். அதில் பொய் இல்லை. ஆனால் ஒரு பக்கத்துக் காற்று ஏன் வேகமாக ஓடுகிறது என்பதை அந்த ஒரு வரி சொல்வதில்லை. காற்று எங்கே ஒட்டுகிறது, எங்கே பிரிகிறது என்பதுதான் வேர். எட்டாம் அறிவுரையில் இது மறுபடி தேவைப்படும்.

இதற்கு மேக்னஸ் விளைவு என்று பெயர். ஜெர்மனியின் ஹைன்ரிச் குஸ்தாவ் மேக்னஸ் 1852-இல் இதை ஆராய்ந்தார். அவருக்கு முன்பே, 1672-இல், மட்டையைச் சாய்த்து அடித்த டென்னிஸ் பந்து வளைந்து போவதை நியூட்டன் எழுதியிருக்கிறார். துப்பாக்கிக் குண்டுகள் குறி விலகுவதற்குச் சுழற்சியே காரணம் என்று 1742-இல் பெஞ்சமின் ராபின்ஸ் எழுதினார்.

3. ஃப்ரீ கிக்கில் நடுவை விட்டு விலகி உதையுங்கள், ஆனால் அளவோடு.

பந்தின் நடுவை நோக்கி உதைத்தால் முழு விசையும் வேகமாகும், சுழற்சி வராது. நடுவிலிருந்து வலப்புறம் விலகி உதைத்தால் பந்தின் வலப்பக்கம் முன்னோக்கித் தள்ளப்படும், முன்முகம் இடப்புறம் போகும், பந்து இடப்புறம் வளையும். வலக்கால் ஆட்டக்காரர் பாதத்தின் உட்பக்கத்தால் உதைக்கும்போது நடப்பது இதுதான். அதே வலக்காலின் வெளிப்பக்கத்தால் பந்தின் இடப்பக்கத்தைத் தொட்டால் பந்து வலப்புறம் வளையும்.

விலக விலகச் சுழற்சி கூடும் என்று நினைத்து ஓரத்தைத் தேடிப் போகாதீர்கள். கால் பந்தைத் தொட்டிருப்பது ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம்தான். ஓரத்துக்குப் போகப் போகப் பந்தின்மேல் பதியும் பாதத்தின் பரப்பு குறைகிறது, கால் வழுக்குகிறது. ஓர் எல்லைவரை சுழற்சி ஏறும். அதற்குப் பிறகு சுழற்சியும் குறையும், வேகமும் போய்விடும். உதை தவறியதை எப்படிக் கண்டுபிடிப்பது? பந்து அழகாகச் சுழன்றும் சுவரைத் தாண்டியதும் தொய்ந்து விழுந்தால் மிகவும் ஓரத்தில் உதைத்திருக்கிறீர்கள். விர்ரென்று போயும் வளையாமல் கோலுக்கு வெளியே நேராகப் போனால் நடுவுக்கு மிக அருகில் உதைத்திருக்கிறீர்கள். அடுத்த உதையில் சிறிதளவு மட்டும் இடத்தை மாற்றுங்கள். ஓட்டத்தையும் சாய்வையும் அதே உதையில் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போகும்.

4. வளைவு நேரத்தின் வர்க்கத்தில் கூடும் என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நல்ல ஃப்ரீ கிக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பந்தின் எடை சுமார் 430 கிராம், விட்டம் 22 செ.மீ. வேகம் நொடிக்கு 25 மீட்டர், அதாவது மணிக்கு 90 கி.மீ. சுழற்சி நொடிக்கு 8 சுற்று. இந்த அளவுகளுக்குக் காற்று பக்கவாட்டில் தரும் தள்ளல் சுமார் 3.5 நியூட்டன். பந்தின் எடை விசை சுமார் 4.2 நியூட்டன். அதாவது புவி பந்தைக் கீழே இழுக்கும் அளவுக்கு ஏறத்தாழ நெருங்கிய விசையோடு காற்று அதைப் பக்கவாட்டில் இழுக்கிறது. இதிலிருந்து கிடைக்கும் முடுக்கம் ஏறத்தாழ 8 மீ/நொடி². விலகலுக்கான சூத்திரம் பள்ளியில் படித்ததுதான்:

```
விலகல் = ½ × முடுக்கம் × நேரம் × நேரம்
```

தடுப்புச் சுவர் 9.15 மீட்டரில் நிற்கிறது. பந்து அங்கே போக 0.37 நொடி. அதற்குள் பந்து விலகுவது ½ × 8 × 0.37 × 0.37, அதாவது அரை மீட்டருக்குச் சற்று மேல். கோல் 25 மீட்டரில் இருந்தால் அங்கே போக 1 நொடி. விலகல் ½ × 8 × 1 × 1 = 4 மீட்டர்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுவரில் நிற்பவர்களுக்குப் பந்து கிட்டத்தட்ட நேராகப் போவதாகவே தெரியும், விலகல் ஒரு முழ அளவுதான். கோல்கீப்பரிடம் வரும்போது அது 4 மீட்டராகிவிடுகிறது. ‘கடைசி நேரத்தில் திடீரென்று வளைந்தது’ என்று வர்ணனையாளர்கள் சொல்வதில் பெரும்பகுதி இதுதான். விசை முதல் கணத்திலிருந்தே இருக்கிறது, விலகல் மட்டும் பின்பாதியில் குவிகிறது. பாதி நேரத்தில் பாதி வளைவு என்று நினைத்துக் குறிபார்க்காதீர்கள். பாதி நேரத்தில் கால் பங்கு வளைவுதான். ஆகவே சுவரின் ஓரத்தை எவ்வளவு விட்டுக் குறிபார்ப்பது என்பதை உங்கள் பந்து கோல்கோட்டில் எவ்வளவு வளைகிறது என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

5. ராபர்டோ கார்லோஸின் 1997 உதையை இந்தக் கண்ணோடு பாருங்கள்.

1997 ஜூன் 3, பிரான்ஸின் லியோன் நகரம். பிரேசிலும் பிரான்ஸும் ஆடிய ஆட்டம். கோலிலிருந்து சுமார் 35 மீட்டர் தூரத்தில் ஃப்ரீ கிக். இடக்கால் ஆட்டக்காரரான ராபர்டோ கார்லோஸ் நெடுந்தூரம் ஓடி வந்து, இடக்காலின் வெளிப்பக்கத்தால் பந்தின் வலப்பக்கத்தை உதைத்தார். பந்து சுவரின் வலப்புறமாக விலகிப் போனது. கோலுக்கு வலப்பக்கம் தள்ளி நின்ற பந்து எடுக்கும் சிறுவன் தன்மேல் படுமோ என்று தலையைத் தாழ்த்தினான். பிறகு பந்து இடப்புறம் திரும்பி வந்து, வலக் கம்பத்தில் பட்டு உள்ளே போனது. கோல்கீப்பர் பாபியன் பார்த்தேஸ் நின்ற இடத்திலேயே நின்றார்.

முதல் விதியைப் போட்டுப் பாருங்கள். வலப்பக்கத்தில் உதை, முன்முகம் இடப்புறம், வளைவு இடப்புறம். பொருந்துகிறது. ஆனால் இந்த உதையில் கூடுதலாக ஒன்று உண்டு, அதற்குத் தூரம் காரணம். சுழலும் பந்தின் பாதை ஒவ்வொரு நொடியும் எவ்வளவு கோணம் திரும்பும் என்பதைச் சுழற்சியே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. சுழற்சி பறக்கும்போது அதிகம் குறைவதில்லை. வேகமோ காற்றின் எதிர்ப்பால் தொடர்ந்து குறைகிறது. வேகம் குறைந்த பந்து ஒரு மீட்டரைக் கடக்கக் கூடுதல் நேரம் எடுக்கும், அந்த ஒரு மீட்டரில் கூடுதலாகத் திரும்பும். அதனால் பாதை வட்டத்தின் வில்லாக இல்லாமல், போகப்போக இறுகிக்கொண்டே போகும் சுருளாக மாறுகிறது.

பிரான்ஸின் எகோல் பாலிடெக்னிக் ஆய்வாளர்கள், கிறிஸ்தோஃப் கிளானேயும் டேவிட் கெரேயும் உள்ளிட்ட குழு, 2010-இல் இதை விளக்கிக் கட்டுரை எழுதினார்கள். சிறு பந்துகளைச் சுழற்றி நீருக்குள் செலுத்தி, அந்தச் சுருள் பாதையைக் கண்ணால் பார்த்தார்கள். நீர் அடர்த்தியானது என்பதால் கொஞ்சத் தூரத்திலேயே சுருள் தெரிந்துவிட்டது. காற்றில் அது தெரிய வேண்டுமானால் நீண்ட தூரமும் கடும் வேகமும் வேண்டும். 20 மீட்டர் ஃப்ரீ கிக்கில் பாதை ஏறத்தாழ வட்ட வில்தான். பெனால்டி பகுதிக்கு அருகில் நின்றுகொண்டு கார்லோஸின் வளைவை எதிர்பார்க்காதீர்கள். பந்துக்கு அதற்கான தூரம் அங்கே கிடைக்காது.

6. கிரிக்கெட்டில் காற்றில் நடப்பதையும் தரையில் நடப்பதையும் பிரித்துப் பாருங்கள்.

‘பந்து நன்றாகத் திரும்பியது’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் தரையில் பட்ட பிறகு நடப்பது. அது மேக்னஸ் விளைவு அன்று. சுழலும் பந்து பிட்சில் படும்போது அதன் அடிப்பக்கம் தரையை உரசுகிறது, உராய்வு பந்தை ஒரு பக்கம் தள்ளுகிறது. அங்கே காற்றுக்கு வேலையில்லை. காய்ந்து பொரிந்த பிட்சில் அதிகம் திரும்புவதும், பச்சைப் புல்லில் வழுக்கிப் போவதும் அதனால்தான்.

தரையில் படுவதற்கு முன் காற்றிலேயே பக்கவாட்டில் நகர்வது டிரிஃப்ட். எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் விழுவது டிப். மேக்னஸின் வேலை இவை இரண்டும். வேகப்பந்து வீச்சாளரின் ஸ்விங் மூன்றாவது வகை. அங்கே சாய்த்துப் பிடித்த தையலும், ஒரு பக்கம் பளபளப்பும் மறுபக்கம் சொரசொரப்பும்தான் காற்றை ஒரு பக்கம் திருப்புகின்றன, சுழற்சியின் திசை அன்று. ஸ்விங்கைச் சுழற்சியால் விளக்க முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள்.

இன்னொன்றும் இங்கே தெரிய வேண்டும். கால்பந்தில் 4 மீட்டர் வளைவு பார்த்த கண்ணோடு கிரிக்கெட் பந்தைப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். கிரிக்கெட் பந்து சுமார் 160 கிராம் எடையில் 7 செ.மீ. விட்டம் மட்டுமே கொண்ட இறுகிய பந்து. ஒவ்வொரு கிராம் எடைக்கும் காற்று பிடித்துத் தள்ளக் கிடைக்கும் பரப்பு, கால்பந்தில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் டிரிஃப்ட் அங்குலக் கணக்கில்தான் வரும். ஆனால் மூன்று ஸ்டம்புகளின் மொத்த அகலமே 9 அங்குலம். மட்டையாளர் ஏமாறச் சில அங்குலம் போதும்.

7. டிரிஃப்ட் வேண்டுமானால் பந்தை மேலே தூக்கி வீசுங்கள்.

சுழற்பந்து பழகுபவர்கள் மிகவும் தவறாகப் புரிந்துகொள்வது இந்த இடத்தைத்தான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு சுழற்சிக்கும் ஓர் அச்சு உண்டு. அந்த அச்சு பந்து போகும் திசையிலேயே நீட்டிக்கொண்டிருந்தால், துப்பாக்கிக் குண்டு சுழல்வதுபோல், முன்முகம் எந்தப் பக்கமும் போவதில்லை, இருந்த இடத்திலேயே சுற்றுகிறது. அப்போது எவ்வளவு சுழற்சி இருந்தாலும் காற்றில் வளைவு கிடையாது. அச்சு போகும் திசைக்குக் குறுக்கே இருக்கும் அளவுக்குத்தான் வளைவு.

வலக்கை லெக் ஸ்பின்னர் ஒருவர் முழுப் பக்கச் சுழற்சியோடு பந்தை விடுகிறார் என்று வையுங்கள். விடும்போது அச்சு கிட்டத்தட்டப் பிட்சின் நீளத்திலேயே இருக்கிறது. ஆகவே தொடக்கத்தில் டிரிஃப்ட் இல்லை. ஆனால் சுழலும் பந்து தன் அச்சின் திசையை விடாது. பந்து மேலே போய்க் கீழே இறங்கத் தொடங்கும்போது, அது போகும் திசை கீழ்நோக்கிச் சாய்கிறது, அச்சோ பழைய இடத்திலேயே நிற்கிறது. இரண்டுக்கும் இடையே கோணம் விழுகிறது. அந்தக் கணத்திலிருந்து முன்முகம் ஒரு பக்கம் நகரத் தொடங்குகிறது. லெக் பிரேக்கில் அது வீச்சாளரின் வலப்புறம், வலக்கை மட்டையாளரின் லெக் பக்கம். தரையில் பட்ட பிறகு திரும்புவதோ அதற்கு நேரெதிராக ஆஃப் பக்கம். ஆஃப் பிரேக்கில் இரண்டும் தலைகீழ்: காற்றில் ஆஃப் பக்கம் விலகி, தரையில் பட்டு உள்ளே வரும்.

இதிலிருந்து ஃப்ளைட் கொடுப்பதன் காரணம் விளங்கும். பந்து செங்குத்தாக இறங்க இறங்கக் கோணம் பெரிதாகும், டிரிஃப்ட் கூடும். தட்டையாக, வேகமாக வீசினால் பந்து கிடைமட்டமாகவே போய் விழுகிறது, அச்சோடு கோணம் விழ நேரமே இல்லை. ‘நன்றாகச் சுழற்றுகிறேன், தரையில் திரும்புகிறது, காற்றில் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை’ என்று சொல்பவர்களிடம் பெரும்பாலும் இந்தக் குறைதான் இருக்கும்.

1993 ஜூன் 4, மான்செஸ்டரின் ஓல்ட் டிராஃபோர்டில் ஷேன் வார்ன் மைக் கேட்டிங்குக்கு வீசிய பந்தை இப்போது பாருங்கள். பந்து நேராக வருவதுபோல் கிளம்பி, இறங்கும்போது லெக் பக்கம் விலகி, லெக் ஸ்டம்புக்கு வெளியே விழுந்தது. கேட்டிங் அந்தக் கோட்டை நோக்கி மட்டையைக் கொண்டுபோனார். தரையில் பட்ட பந்து எதிர்ப்பக்கம் திரும்பி ஆஃப் ஸ்டம்பின் தலையில் பட்டது. திரும்பலைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அந்தத் திரும்பல் அவ்வளவு கொடுமையாக இருந்ததற்குக் காரணம், அதற்கு முன் காற்றில் எதிர்ப்பக்கம் நடந்த டிரிஃப்ட். அதுவே மட்டையாளரைத் தவறான கோட்டுக்கு இழுத்தது.

டிப் வேண்டுமானால் அச்சைக் குறுக்கே திருப்பி டாப் ஸ்பின் சேர்க்க வேண்டும். நிமிடத்துக்கு 2000 சுற்று முழுவதும் டாப் ஸ்பின்னாகவே இருந்தால், அந்தப் பந்துக்குப் புவியீர்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடியதுபோல் ஆகும். ஆனால் அச்சை டாப் ஸ்பின்னுக்குத் திருப்பிய அளவுக்குத் தரையில் பக்கவாட்டுத் திரும்பல் குறையும். இருக்கும் சுழற்சி ஒன்றுதான், அதை இரண்டுக்கும் பங்கிட வேண்டும். 800 டெஸ்ட் விக்கெட் எடுத்த முத்தையா முரளிதரன், 537 டெஸ்ட் விக்கெட் எடுத்த சென்னையின் ரவிச்சந்திரன் அஸ்வின் ஆகியோர் வீசிய ஆஃப் பிரேக்குகளை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். தையல் எந்தப் பக்கம் சாய்ந்து வருகிறது என்று பார்த்தால் பங்கீடு தெரியும்.

8. விதி எங்கே பொய்க்கும் என்பதையும் தெரிந்து வையுங்கள்.

வழவழப்பான பிளாஸ்டிக் பந்தை, கடற்கரையில் ஊதி விளையாடும் பந்தைச் சுழற்றி எறிந்துவிட்டு, “சார், நீங்க சொன்னதுக்கு எதிர்ப்பக்கம் வளையுதே” என்று வருவார்கள். அவர்கள் பார்த்தது உண்மை. வழவழப்பான பந்தில், சில வேகங்களில், சுழற்சி மெதுவாக இருக்கும்போது, காற்றை எதிர்த்து ஓடும் பக்கத்தின் காற்றுப் படலம் முதலில் கலங்குகிறது. கலங்கிய படலம் மேற்பரப்பில் நீண்ட நேரம் ஒட்டும். அதனால் பிரியும் இடங்கள் மாறிப்போய், காற்று எதிர்ப்பக்கம் திரும்பி வெளியேறுகிறது. பந்தும் எதிர்ப்பக்கம் வளைகிறது. கால்பந்தின் தையல்களும் கிரிக்கெட் பந்தின் புடைத்த தையலும் இருபுறமும் படலத்தைக் கலக்கிவிடுவதால் நம் விதி அங்கே நம்பகமாக நிற்கிறது. ஆகவே வழவழப்பான பந்தில் பழகிவிட்டு மைதானத்தில் முடிவு சொல்லாதீர்கள்.

சுழற்சி ஏறத்தாழ இல்லாத பந்துக்கும் விதி பொருந்தாது. அங்கே தையல்கள் எந்தப் பக்கம் நிற்கின்றன என்பதைப் பொறுத்துக் காற்று இங்கும் அங்கும் பிரியும், பந்து தள்ளாடும். உதைப்பவருக்கே அது எங்கே போகும் என்று தெரியாது.

உயரமும் காற்றும் கணக்கை மாற்றும். பொலிவியாவின் லா பாஸ் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். நாம் கணக்கிட்ட 4 மீட்டர் வளைவு அங்கே 3 மீட்டருக்கும் கீழே போய்விடும். சுழற்பந்து வீச்சாளருக்கு எதிர்க்காற்று நல்லது, பந்தைச் சந்திக்கும் காற்றின் வேகம் கூடுவதால் டிரிஃப்டும் டிப்பும் கூடும். பின்காற்றில் இரண்டும் குறையும். எந்த முனையிலிருந்து வீசுவது என்று கேப்டன் கேட்டால் முதலில் காற்றைப் பாருங்கள்.

9. நம்புவதற்கு முன் சோதித்துப் பாருங்கள்.

வீட்டில் செய்ய ஒரு சோதனை: ஒரு தாளை நீளவாக்கில் உருட்டிக் குழாயாக ஒட்டுங்கள். மேசைமேல் சாய்த்து வைத்த பலகையில் அதை உருளவிட்டு, விளிம்பிலிருந்து கீழே விழவிடுங்கள். முன்னோக்கிப் பாய்ந்து விழும் என்று தோன்றும். அது பின்னோக்கி வளைந்து மேசைக்கு அடியில் வரும். விதியைப் போட்டுப் பாருங்கள்: கீழே விழும் குழாய்க்கு முன்முகம் அதன் அடிப்பக்கம். முன்னோக்கி உருளும் குழாயின் அடிப்பக்கம் பின்னோக்கிப் போகிறது. ஆகவே வளைவும் பின்னோக்கி. தாள் லேசாக இருப்பதால் விளைவு பளிச்சென்று தெரியும்.

மைதானத்தில் செய்ய இன்னொன்று: பந்தைச் சுற்றி வண்ண நாடா ஒன்றை ஒட்டி, கைபேசியில் நொடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவோட்டத்தில் பதிவு செய்யுங்கள். நாடா ஒரு முழுச் சுற்று வர எத்தனை படம் ஆகிறது என்று எண்ணுங்கள். 30 படம் ஆனால் நொடிக்கு 8 சுற்று, நல்ல ஃப்ரீ கிக். கிரிக்கெட் பந்து 7 படத்தில் ஒரு சுற்று வந்தால் நிமிடத்துக்கு 2000 சுற்றைத் தாண்டுகிறீர்கள். நாடாவோ தையலோ நிலையாக நிற்காமல் தள்ளாடினால் அது சுழலும் அச்சும் நீங்கள் நினைத்த அச்சும் வேறு. அப்போது சுழற்சியைக் கூட்ட முயலாதீர்கள், முதலில் பிடியையும் மணிக்கட்டையும் சரிசெய்யுங்கள்.

ஒவ்வொரு பந்துக்கும் மூன்று கேள்வி கேட்டுப் பழகுங்கள். அச்சு எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது? முன்முகம் எங்கே போனது? பந்து எங்கே வளைந்தது? மூன்றும் பொருந்தினால் உங்கள் புரிதல் சரி. பொருந்தவில்லை என்றால் வளைவுக்குக் காரணம் தரையா, தையலா, வீசும் காற்றா என்று தேடுங்கள். யார் எந்த விளக்கம் சொன்னாலும், நான் சொன்னதையும் சேர்த்து, இந்த மூன்று கேள்வியால் சரிபார்த்த பிறகே ஏற்றுக்கொள்ளுங்கள்.